பிள்ளைப்பேறும் முனைவர் பட்டக் காலக்கெடுவும்

தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் வேலை பார்க்கும் தாய்க்குச் சம்பளத்துடன் 98 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. ஆனால் அது வேலைவாய்ப்புச் சட்டம் தரும் உரிமை. வேலை ஒப்பந்தம் உள்ளவருக்கே பொருந்தும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்யும் பெண், சட்டத்தின் பார்வையில் மாணவி. அவருக்குப் பல்கலைக்கழக விதிகள்தான் துணை.

அங்கே இரண்டு விண்ணப்பங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'பெனாங்குஹான் பெங்காஜியான்' என்பது படிப்பை ஒரு பருவத்துக்கு ஒத்திவைப்பது. 'பெலான்ஜுதான் தெம்போ' என்பது காலக்கெடு முடியும்போது நீட்டிப்புக் கேட்பது.

ஓர் எடுத்துக்காட்டு. 2022 அக்டோபரில் பதிந்தவருக்குப் பத்துப் பருவம் உச்சவரம்பு என்று வைத்துக்கொள்வோம். 2027 செப்டம்பரில் கெடு முடியும். 2025 நவம்பரில் குழந்தை பிறக்கிறது. அந்தப் பருவத்தை முன்கூட்டியே ஒத்திவைத்து, அது கணக்கில் சேராது என்று அனுமதி பெற்றால், கெடு 2028 பிப்ரவரிக்கு நகரும். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு 2027இல் நீட்டிப்புக் கேட்டால், 'ஏன் தாமதம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், மறுப்பும் வரலாம்.

ஆகவே பருவம் தொடங்குமுன்பே, பிரசவத் தேதி குறித்த கிளினிக் சான்றையும் மேற்பார்வையாளரின் ஒப்புதலையும் இணைத்து விண்ணப்பியுங்கள். அனுமதிக் கடிதத்தில் இரண்டு விவரங்களைத் தேடுங்கள்: அந்தப் பருவம் கணக்கில் சேருமா, புதிய கெடு எது? இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொன்ன 'சரி' பின்னாளில் உதவாது.

பல்கலைக்கழகம் கெடுவை நகர்த்தினாலும் உபகாரச் சம்பளம் தானாக நகராது. அதற்குத் தனியாக எழுத வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர், ஒத்திவைப்பு மாணவர் விசாவைப் பாதிக்குமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒத்திவைப்பை மறுத்தால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; பிறகு பல்கலைக்கழகத்துக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். கர்ப்பம்தான் காரணம் என்றால் சட்டத்தில் பிடி இருக்கிறது. கர்ப்பமாக இருந்ததால் தற்காலிக ஆசிரியை நூர்ஃபடில்லாவின் நியமனம் 2009இல் திரும்பப் பெறப்பட்டது. அது அரசியலமைப்பின் 8(2) பிரிவு தடுக்கும் பால் பாகுபாடு என்று ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அது வேலை வழக்கு. படிப்பு தொடர்பான முடிவுகளில் தலையிட நீதிமன்றங்கள் தயங்கும். ஆனாலும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் முடிவை நீதிமன்ற மறுஆய்வுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மூன்று மாதமே அவகாசம். மேல்முறையீட்டு முடிவுக்காகக் காத்திருந்து அந்த அவகாசத்தை இழந்துவிடாமல், மறுப்புக் கடிதம் வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்தியாவில் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறையே அனுமதிக்கிறது. மலேசியாவிலும் அப்படியொரு பொது விதி வேண்டும். அது வரும்வரை, உங்கள் கையில் இருக்கும் அனுமதிக் கடிதமே உங்கள் பாதுகாப்பு.