சாப்பாடு தொண்டையில் சிக்கினால்

ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்பப்பா ஓர் இறைச்சித் துண்டை விழுங்குகிறார். திடீரென்று அவரது பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடிக்கிறார்.

நம் தொண்டையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உணவுக்குழாய். மற்றது மூச்சுக்குழாய். நாம் விழுங்கும்போது ஒரு சிறிய மூடி மூச்சுக்குழாயை மூடுகிறது. சிரித்தபடி சாப்பிட்டால் சில வேளைகளில் உணவு தவறான வழியில் போய்விடும்.

முதலில் கேளுங்கள்: "அப்பப்பா, சிக்கிட்டுதா? இரும ஏலுமா?"

அவர் சத்தமாக இருமினால் காற்று போய் வருகிறது. முதுகில் அடிக்க வேண்டாம், தண்ணீரும் கொடுக்க வேண்டாம். "இருமுங்கோ, இருமுங்கோ" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். சத்தமே வராமல் தலையை மட்டும் ஆட்டினால் உடனே உதவி தேவை.

பெரியவருக்கு

1. ஒருவரை 911 அழைக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் தொலைபேசியை ஸ்பீக்கரில் வையுங்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.
2. அவரை முன்னால் குனிய வையுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் 5 தடவை பலமாக அடியுங்கள்.
3. பின்னால் நின்று அவரைச் சுற்றிக் கைகளைப் போடுங்கள். ஒரு கையை முஷ்டியாக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயும் 5 தடவை வேகமாக அழுத்துங்கள். கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றில் அல்ல, நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள்.
4. துண்டு வெளியே வரும்வரை 5 அடி, 5 அழுத்தம் என்று மாறி மாறிச் செய்யுங்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு

குழந்தையின் வயிற்றை அழுத்தக் கூடாது. அதன் ஈரல் பெரியது. விலா எலும்புகள் அதை முழுதாக மூடிக் காப்பதில்லை.

1. 911 அழைக்கச் சொல்லுங்கள்.
2. குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வையுங்கள். தாடையைப் பிடியுங்கள். தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். முதுகில் 5 தடவை அடியுங்கள்.
3. தலையைத் தாங்கியபடி மல்லாக்கத் திருப்புங்கள். நெஞ்சின் நடுவில் 5 தடவை அழுத்துங்கள்.
4. துண்டு வரும்வரை, அல்லது குழந்தை அழும்வரை, மாறி மாறிச் செய்யுங்கள்.

வாய்க்குள் துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் தேடினால் துண்டு இன்னும் உள்ளே போய்விடும்.

மயங்கிவிட்டால் கடினமான தரையில் படுக்க வைத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். எப்படி அழுத்துவது என்று 911இல் பேசுபவர் படிப்படியாகச் சொல்லுவார். துண்டு வெளியே வந்தாலும், வயிற்றையோ நெஞ்சையோ அழுத்தியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே காயம் இருக்கலாம்.

யோசித்துச் சொல்லுங்கள்

தம்பிக்கு எட்டு மாதம். திராட்சைப் பழம் ஒன்று அவன் தொண்டையில் சிக்கிவிட்டது. ஆனால் அவன் சத்தமாக அழுகிறான், இருமுகிறான். இப்போது முதுகில் அடிக்கலாமா? ஏன்?