தோற்கத் தயாராக ஒரு வாக்கியம்

அந்த மாணவி மேசையில் வைத்த ஆய்வு முன்மொழிவு நாற்பது பக்கம் இருந்தது. நான் முதலில் புரட்டியது ஏழாம் பக்கத்தை. நர்சிங் முதுநிலை மாணவர்களின் திசிஸுக்குப் புள்ளியியல் பார்த்துக்கொடுக்கும் எனக்கு அது பழக்கமாகிவிட்டது. ஆய்வு நோக்கங்களும் கருதுகோள்களும் அடுத்தடுத்து வருவது அந்த இடத்தில்தான். அங்கே இடறினால் மிச்சம் முப்பத்து மூன்று பக்கமும் இடறும்.

தலைப்பு நல்ல தலைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்பு பற்றி வகுப்பெடுத்தால் பலன் உண்டா என்பதுதான் கேள்வி. கீழே மூன்று நோக்கங்கள் இருந்தன: நோயாளிகளின் தற்போதைய பாதப் பராமரிப்பை அறிதல், கற்பித்தல் திட்டத்தின் பயனை மதிப்பிடுதல், பராமரிப்புக்கும் வயது, கல்வி முதலானவற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிதல். அதற்குக் கீழே கச்சிதமாக மூன்று கருதுகோள்கள்.

"முதல் நோக்கத்துக்கு எதுக்கும்மா கருதுகோள்?" என்று கேட்டேன்.

"சீனியர் திசிஸ்ல இப்படித்தான் இருந்துச்சு மேடம். மூணு ஆப்ஜெக்டிவ்னா மூணு ஹைபாதிசிஸ் வேணும்ல?"

வேண்டாம். 'எத்தனை பேர் தினமும் உள்ளங்காலைப் பார்க்கிறார்கள்?' என்பது எண்ணிப் பார்த்துச் சொல்லும் கேள்வி. நூற்றுக்கு இத்தனை என்று ஒரு விடை வரும், அதோடு முடிந்தது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும்போதோ, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும்போதோதான் கருதுகோளுக்கு வேலை வருகிறது. முதல் நோக்கத்துக்கு நேரே எழுதியிருந்த வரியை அடித்தோம். இனி இரண்டாவது நோக்கம். உண்மையான சிக்கல் இருந்தது அங்கேதான்.

அவள் எழுதியிருந்த கருதுகோள் இது: 'கற்பித்தல் திட்டம் பயனுள்ளதாக இருக்கும்.' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன முடிவு வந்தால் இந்த வாக்கியம் தோற்றது என்று ஒப்புக்கொள்வது? யாரிடம், எப்போது, எதை அளந்து, யாரோடு ஒப்பிடுவது? எதுவும் சொல்லப்படவில்லை. எந்த முடிவு வந்தாலும் தோற்க முடியாத வாக்கியத்தைச் சோதிக்கவும் முடியாது.

அவள் திட்டமிட்டிருந்தது ஒரே குழு. வகுப்புக்கு முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு. பின்தேர்வில் மதிப்பெண் கூடினால் வகுப்பு வென்றது என்று கணக்கு. ஆனால் முன்தேர்வே ஒரு பாடம். 'விரல் இடுக்கைத் துடைப்பீர்களா?' என்று கேட்டதுமே, துடைக்க வேண்டும்போல என்று நோயாளி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். இடையில் மருத்துவரும் காலைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் வந்தது என்று மட்டுமே இந்த ஆய்வால் காட்ட முடியும். வகுப்பால்தான் வந்தது என்று காட்ட முடியாது. நோக்கம் ஒன்று கேட்க, கருதுகோள் வேறொன்றுக்குப் பதில் சொல்லும் நிலை.

இன்னொரு பிசகும் இருந்தது. நோக்கத்தில் 'பராமரிப்பு' என்று எழுதியிருந்தாள். பின்னிணைப்பில் இருந்த வினாத்தாளோ பாதப் பராமரிப்பைப் பற்றி நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்டது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கோயிலுக்கும் கொல்லைப்புறத்துக்கும் வெறுங்காலோடுதான் போகிறோம். அறிவை அளந்துவிட்டுப் பழக்கம் மாறியது என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார்.

ஆகவே முதலில் நோக்கத்தையே திருத்தினோம். கருதுகோள் சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலும் நோக்கம்தான் மங்கலாக இருக்கும். புதிய வாக்கியம் இப்படி வந்தது: 'வெளிநோயாளிகள் பிரிவுக்கு வரும் டைப் 2 சர்க்கரை நோயாளிகளில், 30 நிமிடப் பாதப் பராமரிப்பு வகுப்பு பெற்றவர்களின் ஒரு மாதத்துக்குப் பிந்தைய சராசரிப் பராமரிப்பு மதிப்பெண்ணை, வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுதல்.' யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். வழக்கமான ஆலோசனை பெற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு அதே வகுப்பு நடத்தப்படும். மதிப்பெண், காலையும் செருப்பையும் நேரில் பார்த்து நிரப்பும் 15 அம்சப் பட்டியலில் இருந்து வரும்.

நோக்கம் இவ்வளவு துலங்கிய பிறகு கருதுகோள்கள் தாமாகவே வந்தன.

இன்மைக் கருதுகோள், அதாவது கல்லூரித் தாழ்வாரத்தில் எல்லோரும் 'நல் ஹைபாதிசிஸ்' என்று சொல்வது: இத்தகைய நோயாளிகளிடையே வகுப்பு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஒரு மாதத்துக்குப் பிறகு சராசரி மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. சுருக்கமாக, H0: μ1 = μ2. மாற்றுக் கருதுகோள்: வித்தியாசம் உண்டு. H1: μ1 ≠ μ2.

"நான் நம்புறது வித்தியாசம் உண்டுன்னுதானே மேடம். அப்ப எதுக்கு இல்லைன்னு எழுதி அதைச் சோதிக்கணும்?"

எல்லோரும் கேட்கும் கேள்விதான். 'வித்தியாசம் உண்டு' என்பது எவ்வளவு என்று சொல்வதில்லை. அரை மதிப்பெண்ணும் வித்தியாசம்தான், ஐந்து மதிப்பெண்ணும் வித்தியாசம்தான். அதை வைத்து எதையும் கணக்கிட முடியாது. 'இல்லை' என்பது பூஜ்யம் என்று துல்லியமாகச் சொல்கிறது. வகுப்பால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், இரண்டு குழுவும் குலுக்கலில் பிரிந்த ஒரே கூட்டம். மதிப்பெண் எழுதிய சீட்டுகளை எல்லாம் மறுபடி பானையில் போட்டுக் குலுக்கி, இரண்டாகப் பிரித்து, சராசரிகளின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஆயிரம் முறை அப்படிச் செய்தால், வெறும் குலுக்கலால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று தெரிந்துவிடும். நமக்கு உண்மையில் கிடைத்த வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ, கூடுதலானாலும் குறைவானாலும், அந்த ஆயிரத்தில் 50 தடவைக்கும் குறைவாகவே வந்தால், 'இல்லை' என்பதைக் கைவிடுகிறோம். பி-மதிப்பு 0.05 என்று எல்லோரும் ஒப்பிப்பதன் பின்னால் இருப்பது இந்தக் குலுக்கல்தான்.

1935-இல் வந்த தன் சோதனை வடிவமைப்பு நூலில் ரொனால்ட் ஃபிஷர்தான் இன்மைக் கருதுகோளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். அவருடைய முறையில் மாற்றுக் கருதுகோள் கிடையாது. அதற்கு இடம் கொடுத்தவர்கள் ஜெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும். இன்று திசிஸில் நாம் H0, H1 என்று ஜோடியாக எழுதுவது இந்த இரு தரப்பையும் கலந்து கட்டியது.

அவள் எழுதிய புதிய வரியில் ஒரு சொல்லை மட்டும் அடித்தேன். 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று எழுதியிருந்தாள். ஏராளமான திசிஸ்களில் இந்தச் சொல் இருக்கிறது, ஆனாலும் அது கருதுகோளுக்குள் வரக் கூடாது. கருதுகோள் பேசுவது எல்லா நோயாளிகளையும் பற்றி. 'குறிப்பிடத்தக்கது' என்பது நம் கையில் உள்ள சிறு மாதிரியைச் சோதித்த பிறகு கொடுக்கும் தீர்ப்பு. தீர்ப்பை மனுவிலேயே எழுதிவைக்கக் கூடாது.

"வகுப்பெடுத்தா மதிப்பெண் கூடத்தானே செய்யும்? கூடும்னே எழுதிடலாமா?" என்றாள். ஒரு பக்கக் கருதுகோள் எழுதினால் அதே தரவில் 'குறிப்பிடத்தக்கது' என்ற முடிவு எளிதாகக் கிடைக்கும். அந்த ஆசைக்காக எழுதுவது சரியல்ல. வகுப்பால் மதிப்பெண் குறைந்தால் அதைப் பொருட்படுத்தப் போவதில்லை என்று இப்போதே சொல்லத் துணிந்தவர்கள்தான் அப்படி எழுதலாம். ஒரு மணி நேரம் காத்திருந்த நோயாளி எரிச்சலில் வழக்கமான ஆலோசனையைக்கூடக் காதில் வாங்காமல் போகலாம். 'கூடும் அல்லது குறையும்' என்று இரு பக்கமும் திறந்தே வைத்தோம்.

அடுத்து, எத்தனை பேர்? குழுவுக்கு 30 என்று போட்டிருந்தாள். அதுவும் சீனியர் வழி வந்ததுதான். இந்த எண்ணையும் கருதுகோளிடம்தான் கேட்க வேண்டும். 15 அம்சப் பட்டியலில் இரண்டு அம்சமாவது கூடினால்தான் பயன் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 4 என்று கொள்வோம். அப்படியொரு வித்தியாசம் உண்மையிலேயே இருந்து, அதை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 30 பேரை வைத்துத் தேடினால் அந்த வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. நாணயம் சுண்டுவது போலத்தான். அப்படி ஓர் ஆய்வு H0-ஐக் கைவிட முடியாமல் நின்றுவிட்டு, 'வகுப்பால் பயன் இல்லை என நிரூபணமானது' என்று எழுதினால் அது பொய். சின்ன டார்ச்சோடு கிணற்றில் தேடியவர், சொம்பு கிடைக்கவில்லை என்று சொல்லலாம். கிணற்றில் சொம்பே இல்லை என்று சொல்லக் கூடாது.

மூன்றாவது நோக்கத்தில் பத்து அம்சங்கள் வரிசையாக இருந்தன: வயது, பாலினம், மதம், கல்வி, தொழில், வருமானம், திருமண நிலை, குடும்ப வகை, உணவுமுறை, நோயின் கால அளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை-வர்க்கச் சோதனை. பத்தில் ஒன்றுக்குமே உண்மையில் தொடர்பு இல்லை என்றாலும், ஒவ்வொரு சோதனையிலும் 5 விழுக்காடு தவறுக்கு இடமிருக்கிறது. பத்தும் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஏதாவது ஒன்று தற்செயலாக 'குறிப்பிடத்தக்கது' என்று வரும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. பல திசிஸ்களின் கடைசி அத்தியாயத்தில் உணவுமுறையோ மதமோ திடீரென முளைத்து, அதற்கு ஒரு பத்தி விளக்கமும் எழுதப்பட்டிருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

"இந்தப் பத்துல எது பாதப் பராமரிப்பை மாத்தும்னு நீ நினைக்கிற? வார்டுல பார்த்ததைச் சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பத்துலயும் இல்லை மேடம். வயசானவங்களுக்குக் குனிஞ்சு உள்ளங்காலைப் பார்க்க முடியல. வீட்ல யாராவது பார்த்துச் சொன்னாத்தான் தெரியுது. தனியா இருக்கறவங்கதான் புண்ணு முத்தின பிறகு வர்றாங்க."

அவள் பட்டியலில் இல்லாத அந்த ஒன்றுதான் மூன்றாவது நோக்கமானது. பாதத்தைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதற்கும் பராமரிப்பு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இல்லை என்பது H0, உண்டு என்பது H1. மற்ற பத்தும் முதல் நோக்கத்துக்குப் போயின. யாரெல்லாம் ஆய்வில் இருந்தார்கள் என்று விவரிக்கும் வேலை அவற்றுக்குப் போதும்.

கடைசியில் ஒரு தாளை நான்கு பத்தியாகக் கோடு போட்டாள்: நோக்கம், கருதுகோள், அளவை, சோதனை. முதல் நோக்கத்துக்கு நேரே கருதுகோள் கட்டம் காலியாகவே இருந்தது, சோதனைக் கட்டத்தில் விழுக்காடு மட்டும். இரண்டாவதற்கு ஒரு மாதம் கழித்து நிரப்பும் 15 அம்சப் பட்டியலும் தனித்த இரு குழுக்களுக்கான டி-சோதனையும். மூன்றாவதற்கு, ஆள் உண்டு அல்லது இல்லை என்ற ஒரு கேள்வியும், வகுப்புக்கு முன்பே நிரப்பிய அதே பட்டியலும். ஒரு கட்டத்தில் இருப்பது பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டவில்லை என்றால் இந்தத் தாளில் உடனே கண்ணில் படும். நாற்பது பக்கத்தில் அது ஒளிந்துகொள்ளும்.

முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னால் இந்த ஆய்வை இந்திய மருத்துவ ஆய்வுச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-இல் பதிய வேண்டும். முதன்மையாக எதை அளக்கப்போகிறோம், எப்போது அளக்கப்போகிறோம் என்று அங்கே கேட்பார்கள். தரவு வந்த பிறகு கருதுகோளை மெல்ல நகர்த்தி வெற்றி காட்டும் வழியை அந்தத் தேதி அடைத்துவிடும்.

கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டாள்: "அந்தக் காலிக் கட்டம் மேடம்... எக்ஸாமினர் ஏன் காலின்னு கேட்டா?"

"எண்ணிப் பார்க்கத்தான் போறேன், பந்தயம் கட்டலைன்னு சொல்லு" என்றேன்.