விளம்பரக்காரனின் குறிப்பேடு – 14: வாய் திறக்காத கரடி

போன வாரம் அமுல் சிறுமியைப் பார்த்தோம். ஊரில் எது நடந்தாலும் அவளுக்கு ஒரு கருத்து உண்டு. இந்த வாரம் நேர் எதிர்: ஒரே வாக்கியத்தை அரை நூற்றாண்டுக்கும் மேல் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கக் கரடி. பெயர் ஸ்மோக்கி. தலையில் வனக்காவலர் தொப்பி, இடுப்பில் ஜீன்ஸ்.

1942 பிப்ரவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று கலிபோர்னியாவில் சான்டா பார்பராவுக்குப் பக்கத்து எண்ணெய் வயல் மீது குண்டு வீசியது. கொஞ்ச தூரத்திலேயே பெரிய காடு. அது பற்றிக்கொண்டால் அணைக்க ஆள் இல்லை. இளைஞர்கள் போர்முனையில் இருந்தார்கள். அதனால் வனத்துறைக்குப் பொதுமக்களிடமே பேச வேண்டிய கட்டாயம். முதலில் டிஸ்னியிடமிருந்து பாம்பி மான்குட்டியை ஒரு வருடத்துக்கு இரவல் வாங்கினார்கள். மான்குட்டியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் அது ஒன்றைச் செய்யச் சொன்னால் யார் கேட்பார்கள்? இரவலும் தீர்ந்துவிடும். 1944 ஆகஸ்டில் கரடி வந்தது. முதல் சுவரொட்டியில் அது வாளித் தண்ணீரை நெருப்பின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது.

கரடியின் முதல் வசனம் சுமார்தான். கவனமாக இருந்தால் பத்தில் ஒன்பது காட்டுத்தீயைத் தடுக்கலாம் என்றது. கணக்கு சரி, ஆனால் கேட்பவன், மற்ற ஒன்பது பேருக்குச் சொல்கிறார்கள் என்று போய்விடுவான். 1947இல் அதை மாற்றினார்கள்: காட்டுத்தீயை உன்னால் மட்டுமே தடுக்க முடியும். எண் போய் ஆள் வந்தான். (தமிழில் எழுதியிருந்தால் ‘நீ’யா ‘நீங்களா’ என்பதிலேயே ஒரு மாதம் ஓடியிருக்கும். ஆங்கிலக்காரனுக்கு அந்தத் தலைவலி இல்லை.)

வசனம் தனியாக நிற்காது, அதற்குக் கீழே ஒரு வேலை இருக்க வேண்டும். முகாம் நெருப்பை எப்படி அணைப்பது? தண்ணீரைத் தாராளமாக ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, கையால் தொட்டுப் பார். தொடச் சூடாக இருந்தால் விட்டுப் போகாதே. கரடி சொல்வது இவ்வளவுதான்.

சொல்லாததுதான் எனக்கு முக்கியம். கரடி வேடம் போட்டு ஊர்வலத்திலும் பள்ளியிலும் வருபவர் பேசக் கூடாது என்பது விதி. காரணம் எளிது. வேடம் போடுபவர்கள் ஊருக்கு ஊர் வேறு. ஒருவர் கீச்சுக் குரல், இன்னொருவர் கரகரப்பு. நேற்று டிவியில் கேட்ட கரடி இன்று வேறு குரலில் பேசினால் குழந்தை அங்கேயே கண்டுபிடித்துவிடும். குரல் மாறுவதுகூடப் பரவாயில்லை, வேடத்துக்குள் இருப்பவர் கேள்விக்குச் சொந்தமாக ஏதாவது பதில் சொல்லிவிட்டால்? அதனால் கூடவே ஓர் அதிகாரி வருவார். குழந்தை கேட்கும், கரடி தலையாட்டும், அதிகாரி பதில் சொல்வார். கூட்டத்தின் நடுவே தலையைக் கழற்றவும் கூடாது.

இன்னொரு காவல் சட்டம். 1952இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தக் கரடிக்கென்றே சட்டம் இயற்றி, அனுமதியில்லாமல் யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்தது. உரிமத்தொகை தீத்தடுப்புப் பிரச்சாரத்துக்கே போகும்.

இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் தவறு நடந்தது, அதுவும் முத்திரை வசனத்திலேயே. எல்லாத் தீயும் கெட்டது என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். ஆனால் பல அமெரிக்கக் காடுகளுக்கு அவ்வப்போது சிறு தீ தேவை. அது இல்லாவிட்டால் சருகும் புதரும் சேர்ந்துகொண்டே போகும். பிறகு பற்றும்போது பெருந்தீ. அதனால் வனத்துறையே நாள் பார்த்து, காற்றுப் பார்த்து, எல்லை வகுத்துக் காட்டைக் கொளுத்துகிறது. அந்தத் தீயைத் தடுக்கச் சொல்லும் கரடி எஜமானுக்கே எதிராகப் பேசுகிறது!

2001இல் வசனத்தில் ஒரு சொல்லை மாற்றினார்கள். ‘ஃபாரஸ்ட் ஃபயர்ஸ்’ போய் ‘வைல்ட்ஃபயர்ஸ்’ வந்தது. தமிழில் இரண்டையும் காட்டுத்தீ என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் முதலாவது, காட்டில் எரியும் எந்தத் தீயும். இரண்டாவது, கட்டுமீறிப் பரவும் தீ. அது புல்வெளியில் எரிந்தாலும் சரி. துறை தானே வைக்கும் தீ இதில் அடங்காது.

கரடியையே கூப்பிட்டு ‘இந்தத் தீ நல்லது’ என்று ஒரு சுவரொட்டி போட்டிருக்கலாமே? நான் அந்த அறையில் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நெருப்பை அணைக்கச் சொல்லும் வாயே நெருப்பு வைப்பதைப் புகழ்ந்தால், ஆறு வயதுப் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்? அந்தச் சேதியைச் சொல்ல வேறு ஆள் வேண்டும்.

ஒரு விதியை மட்டும் யாராலும் காப்பாற்ற முடியவில்லை. கரடியின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘ஸ்மோக்கி பேர்’. 1952இல் வந்த பாட்டில் மெட்டுக்காக நடுவே ஒரு ‘த’ சேர்த்து ‘ஸ்மோக்கி த பேர்’ என்று பாடிவிட்டார்கள். அமெரிக்கர்கள் பலர் இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

(தொடரும்)