சூரியனுக்கு முதுகு காட்டினால்தான் வானவில்

சாயங்கால மழை விட்டு மேற்கே வெயில் எட்டிப் பார்த்தால், வானவில்லைத் தேடுகிறவர்கள் கிழக்கே திரும்புவார்கள். காலை மழையென்றால் மேற்கே பார்ப்பார்கள். சூரியன் இருக்கும் திசையில் வானவில் தோன்றாது. நமக்கு முன்னால் மழையும் முதுகுக்குப் பின்னால் சூரியனும் இருந்தால்தான் அது தெரியும். இந்த ஏற்பாடு இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம், ஒரே ஒரு மழைத்துளிக்குள் வெளிச்சம் போகும் வழியில் இருக்கிறது.

சிறு மழைத்துளி ஏறக்குறைய உருண்டையானது. அதன்மேல் சூரியக் கதிர் ஒன்று படுகிறது. காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது கதிர் சற்று வளைகிறது, இதுதான் ஒளிவிலகல். உள்ளே நேராகச் சென்று துளியின் பின்சுவரில் மோதுகிறது. அங்கே பெரும்பகுதி வெளிச்சம் சுவரைத் தாண்டி அப்பால் போய்விடும். ஏறக்குறைய நூற்றில் ஆறு பங்கு மட்டும் எதிரொளித்துத் திரும்புகிறது. திரும்பிய கதிர், துளியின் முன்பக்கமாக வெளியேறும்போது மறுபடியும் ஒருமுறை வளைகிறது. பின்சுவரில் நடப்பது முழு அக எதிரொளிப்பு என்று பல புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. உருண்டையான துளிக்குள் வெளியிலிருந்து நுழைய முடிந்த கதிர், பின்சுவரையும் அதே கோணத்தில்தான் சந்திக்கும். ஆகவே அதில் ஒரு பகுதி வெளியேறியே தீரும். நம் கண்ணுக்கு எட்டும் வானவில் முழுவதும், வெளியேறாமல் தங்கிய அந்தச் சிறு பங்கு வெளிச்சம்தான்.

ஆக, வானவில்லின் வெளிச்சம் வந்த பக்கமே திரும்பி வருகிற வெளிச்சம். அதை எதிர்கொள்ள வேண்டுமானால், சூரியனுக்கும் துளிக்கும் இடையிலான பக்கத்தில், துளியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அப்படி நின்றால் சூரியன் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

ஆனால் திரும்பி வரும் வெளிச்சம் வானம் முழுக்கப் பரவாமல் ஒரு வில்லாக ஏன் குவிகிறது? இதற்கு விடை கண்டவர் பிரெஞ்சு அறிஞர் ரெனே டெகார்ட். அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத்தில் கமாலுதீன் அல்ஃபாரிசியும் ஜெர்மனியில் தியோடரிக்கும், ஒருவரை ஒருவர் அறியாமல், நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை மழைத்துளியாகக் கொண்டு கதிரின் பாதையைக் கண்டிருந்தார்கள். டெகார்ட் அதைக் கணக்காகப் போட்டு 1637-இல் வெளியிட்டார்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். துளியின் நடுவிலிருந்து விளிம்பு வரையுள்ள தூரத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். சரியாக நடுவில் விழும் கதிர், வந்த வழியே நேராகத் திரும்பிவிடும். 50-ஆம் பங்கில் விழும் கதிர், வந்த வழியிலிருந்து 28 பாகை விலகித் திரும்பும். 71-ஆம் பங்கில் விழுவது 38 பாகை விலகும். 87-ஆம் பங்கை நெருங்கும்போது விலகல் 42 பாகையை எட்டுகிறது. அதற்குமேல் விளிம்பை நோக்கிப் போனால் விலகல் கூடுவதில்லை, குறையத் தொடங்குகிறது. 97-ஆம் பங்கில் 35 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மேலே எறிந்த பந்து உச்சியில் கொஞ்ச நேரம் தங்குவதுபோல, விலகலும் 42-க்கு அருகில் தங்கி நிற்கிறது. 82-ஆம் பங்கு முதல் 91-ஆம் பங்கு வரை விழும் எல்லாக் கதிர்களும் 41-க்கும் 42-க்கும் இடையிலேயே வெளிவருகின்றன. அந்தக் கோணத்தில் வெளிச்சம் நெரிசலாகக் குவிகிறது. அதுதான் வில்.

இதற்கு வானத்திலேயே சாட்சி உண்டு. ஒருமுறை மட்டும் எதிரொளித்த வெளிச்சம் 42 பாகைக்கு உள்ளே எந்தக் கோணத்திலும் வரலாம், அதைத் தாண்டி வர முடியாது. அதனால் வில்லின் உட்புற வானம் வெளுத்தும், வெளிப்புறம் இருண்டும் தெரியும். அடுத்த முறை வானவில்லைப் பார்க்கும்போது நிறங்களை விட்டுவிட்டு இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

நிறங்கள் பிரிவது, நீர் ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வேறு அளவில் வளைப்பதால். சிவப்புக்கு அந்த எல்லைக் கோணம் 42 பாகைக்குச் சற்று மேல். ஊதாவுக்கு ஏறக்குறைய 40½. அதனால் சிவப்பு வில்லின் வெளி ஓரத்திலும் ஊதா உள் ஓரத்திலும் அமைகின்றன. ஒரே துளியிலிருந்து ஏழு நிறமும் நம் கண்ணுக்கு வருவதில்லை. உயரத்தில் உள்ள துளிகள் நமக்குச் சிவப்பை அனுப்புகின்றன, கொஞ்சம் கீழே உள்ளவை ஊதாவை அனுப்புகின்றன. துளிகள் விழுந்துகொண்டே இருந்தாலும், அந்தந்த இடத்துக்குப் புதிய துளிகள் வந்து சேர்வதால் வில் அசையாமல் நிற்கிறது.

இப்போது வில்லின் வடிவத்துக்கு வருவோம். சூரியனிலிருந்து நம் தலை வழியாக ஒரு கோடு இழுத்து முன்னே நீட்டினால், அது நம் தலையின் நிழல் விழும் இடத்துக்குப் போகும். வானவில்லின் மையம் எப்போதும் அங்கேதான். அந்தக் கோட்டிலிருந்து 42 பாகை விலகி எந்தப் பக்கம் பார்த்தாலும், அங்கே துளிகள் இருந்தால் வில் தெரியும். எல்லாப் பக்கமும் 42 என்றால் அது வட்டம். கீழ்ப்பாதியில் தரை குறுக்கிடுவதால் நமக்கு வளைவு மட்டும் கிடைக்கிறது. விமானத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சில வேளை முழு வட்டமும் கிடைப்பதுண்டு. மையம் அவரவர் நிழலில் இருப்பதால், பக்கத்தில் நிற்பவர் பார்ப்பதும் நாம் பார்ப்பதும் வெவ்வேறு துளிகள் காட்டும் வெவ்வேறு வில்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் மாத நடுவில், சென்னை மெரினாவில் மாலை நாலரை மணிக்கு நிற்பதாக வைத்துக்கொள்வோம். சூரியன் மேற்கே, கொஞ்சம் தெற்குத் தள்ளி, அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில் இருக்கும். வில்லின் மையம் அதற்கு நேர் எதிரே, அதே 15 பாகை அடிவானத்துக்குக் கீழே அமையும். 42-இல் 15 போக மீதம் 27. ஆகவே கடல்மேல் மழை இருந்தால், கிழக்கே, கொஞ்சம் வடக்குத் தள்ளி, 27 பாகை உயரத்தில் வில்லின் உச்சியைத் தேட வேண்டும். சூரியன் இறங்க இறங்க வில் உயரும். அஸ்தமன நேரத்தில் 42 பாகை உயரத்தோடு அரைவட்டமாக நிற்கும். அதே நாளில் காலை ஏறக்குறைய ஒன்பதரை முதல் பிற்பகல் இரண்டே கால் வரை சூரியன் 42 பாகைக்கு மேலே இருக்கும். அந்த வேளையில் வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தாலும், வில் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடுவதால் வானத்தில் எதுவும் தெரியாது. உச்சி வெயிலில் வானவில்லைக் காணாததற்குக் காரணம் இதுதான்.

சூரியனைச் சுற்றி நிற வளையம் தெரிந்ததாகச் சொல்லி, அதையும் வானவில் என்று சிலர் படம் அனுப்புவார்கள். அது ஒளிவட்டம். உயரத்து மேகங்களின் பனிப்படிகங்களுக்குள் வெளிச்சம் வளைந்து முன்னோக்கிச் செல்வதால், சூரியனிலிருந்து 22 பாகை தள்ளி, சூரியன் இருக்கும் பக்கமே உண்டாவது. இரண்டையும் பிரித்தறியக் கையே போதும். கையை நேராக நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் என்பது கண்ணுக்கு ஏறக்குறைய 20 பாகை. நம் தலையின் நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளித் தெரிவது வானவில். சூரியனிலிருந்து ஒரு சாண் தள்ளி வளைந்திருப்பது ஒளிவட்டம். அதைக் கண் கூசாமல் பார்க்க, சூரியனை ஒரு மரத்தாலோ கட்டடத்தாலோ மறைத்துக்கொள்வது அவசியம்.