மொத்தக் கணக்கில் ஒளியும் கோளாறு

ஒரு செயலியைத் தினமும் 10,000 பேர் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய பதிப்பு இன்னும் 500 பேரிடம்தான் போயிருக்கிறது. அவர்களில் 20 பேருக்குச் செயலி பாதியில் மூடிக்கொள்கிறது. பழைய பதிப்பில் இருக்கும் 9,500 பேரில் 38 பேருக்கு. வாரக்கடைசி அறிக்கையில் மொத்தம் 0.58 சதவீதம். கூகுள் பிளேயின் எச்சரிக்கை வரம்பு 1.09 என்பதால், நாலு பேர் கொண்ட குழு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடும்.

பதிப்புவாரியாகப் பிரித்தால்தான் குட்டு வெளிப்படும்: பழையதில் 0.4, புதியதில் 4 சதவீதம். எல்லோரும் புதுப்பித்துவிட்டால் தினம் 400 பேர் அவதிப்படுவார்கள். ஆகவே முதல் வேலை, படிப்படியான வெளியீட்டை நிறுத்துவது. ஆனால் ஏற்கெனவே இறங்கிய 500 பேரிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. கூடுதல் பதிப்பு எண்ணோடு திருத்தத்தை அனுப்பியாக வேண்டும்.