கரைவது ஓரிடம், தேய்வது வேறிடம்

2012 கோடையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியிருந்த நிசான் லீஃப் மின்சாரக் கார்க்காரர்கள் பலர் ஒரே புகாரைச் சொன்னார்கள். பேட்டரியில் எவ்வளவு கொள்திறன் மிச்சமிருக்கிறது என்று காட்ட அந்தக் காரின் முகப்பில் 12 கோடுகள் உண்டு. வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத வண்டிகளில் ஒன்றிரண்டு கோடுகள் அணைந்துவிட்டிருந்தன. முதல் கோடு அணைந்தாலே ஏறத்தாழ 15 சதவீதம் போய்விட்டது என்று பொருள். குளிர்ச்சியான ஊர்களில் ஓடிய அதே கார்கள் இவ்வளவு வேகமாகத் தேயவில்லை.

வெயில் எந்த பேட்டரியையும் பல வழிகளில் மூப்படைய வைக்கும். ஆனால் அன்றைய லீஃப் பேட்டரியின் கேத்தோடில் முக்கியப் பொருள் லித்தியம் மாங்கனீசு ஆக்சைடு (LiMn₂O₄). எதிர்ப்பக்கம் கிராஃபைட். பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடும் கிடையாது. மலிவான, பாதுகாப்பான இந்த மாங்கனீசுப் பொருளுக்குச் சூட்டில் வரும் நோய் ஒன்று உண்டு. வேதியியலாளர்களுக்கு அது நெடுநாளாகத் தெரிந்ததுதான்.

நோய் ஒரு துளி ஈரத்தில் தொடங்குகிறது. செல்லுக்குள் லித்தியம் நீந்திச் செல்லும் திரவத்தில் ஃபுளோரின் கலந்த லித்தியம் உப்பு கரைந்திருக்கிறது. எவ்வளவு உலர்த்தினாலும் செல்லில் கொஞ்சம் ஈரம் தங்கிவிடும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். சூடு ஏறினால் இன்னும் விரைவாக உண்டாகும்.

கேத்தோடில் பாதி மாங்கனீசு மூன்று மின்னேற்றத்தோடும் மறுபாதி நான்கோடும் இருக்கிறது. அமிலம் பட்டதும், மூன்று மின்னேற்றம் கொண்ட இரண்டு அணுக்களில் ஒன்று மற்றதிலிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது நான்காகி கேத்தோடிலேயே நின்றுவிடும். வாங்கியது இரண்டாகி, திரவத்தில் கரைந்து கிளம்பிவிடும். இந்த வினையில் கழிவாக வெளிவருவது தண்ணீர். அந்தத் தண்ணீர் மறுபடி உப்போடு சேர்ந்து புதிய அமிலத்தை உண்டாக்குகிறது. முதலில் இருந்த ஈரம் சொற்பமானாலும் சேதம் நிற்காமல் தொடர்வதற்கு இந்தச் சுழற்சியே காரணம்.

கேத்தோடு கரைவதால்தான் கொள்திறன் குறைகிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கரைந்துபோகும் மாங்கனீசு மிகக் கொஞ்சம். காணாமல் போகும் கொள்திறனோ அதைவிடப் பல மடங்கு.

இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கும் நுண்துளைத் தாளைத் தாண்டி அந்த அயனி கிராஃபைட் பக்கம் போய்ச் சேர்கிறது. கிராஃபைட்டின் மேல், முதல் சில சார்ஜ்களிலேயே மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கும். திரவம் கிராஃபைட்டைத் தொட்டுச் சிதையாமல் காப்பது அதுதான். மாங்கனீசு அந்தப் படலத்துக்குள் புகுந்ததும் காப்பு குலைகிறது. திரவம் மீண்டும் சிதைகிறது, படலம் தடிக்கிறது, தடிக்கும் ஒவ்வொரு முறையும் லித்தியத்தை விழுங்குகிறது. மாங்கனீசு அங்கே எந்த வடிவில் இருந்து இதைச் செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. லித்தியம் சிக்கிக்கொள்கிறது என்பதில் இல்லை.

ஒவ்வொரு சார்ஜுக்கும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு லித்தியம் சிக்கினால், ஆயிரம் சார்ஜுக்குப் பிறகு சுமார் 90 சதவீதம் மிஞ்சும். அது பத்தாயிரத்தில் ஐந்தானால் மிஞ்சுவது 60 சதவீதம்தான்.

குற்றவாளி எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு நேர்த்தியான சோதனை இருக்கிறது. தேய்ந்த செல்லை, ஈரமும் காற்றும் புகாத பெட்டிக்குள் வைத்துப் பிரிப்பார்கள். பழைய கேத்தோடில் ஒரு வில்லையை வெட்டி, எதிரே புதிய லித்தியத் தகட்டை வைத்துத் தனி செல்லாக்குவார்கள். லித்தியம் தாராளமாகக் கிடைத்ததும் கேத்தோடு தன் பழைய திறனில் பெரும்பகுதியைக் காட்டினால், இழப்பு அங்கே இல்லை என்று உறுதியாகும். கிராஃபைட் துண்டை அமிலத்தில் ஊறவைத்துப் பார்த்தால் மாங்கனீசும் அகப்படும்.

மருந்துகள் எல்லாம் இந்தப் பாதையை எங்காவது மறிப்பவைதான். கேத்தோடில் கொஞ்சம் அலுமினியம் சேர்ப்பது, அதன் துகள்களுக்கு ஆக்சைடு பூச்சு கொடுப்பது, ஈரத்தை இன்னும் ஒட்ட எடுப்பது, பேட்டரியைக் குளிர்விப்பது என்று பல உண்டு. கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் டைட்டனேட் வைத்தால், மாங்கனீசு வந்து சேர்ந்தாலும் தேய்வு வெகுவாகக் குறைகிறது. ஆனால் செல்லின் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் இறங்கிவிடும். கார் ஓடும் தூரமும் அதற்கேற்பச் சுருங்கும்.

நிசான் நிறுவனம் பின்னர் கொள்திறனுக்கும் உத்தரவாதம் அறிவித்தது. ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கோடுகளுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சரிசெய்து தரும் என்றது. 2015 மாடலில் வெப்பத்தை மேலும் தாங்கும் வேதிக்கலவைக்கு மாறியது.