ஒரு நோன்பு நாள், ஐந்து சட்டங்கள்

‘இதைச் செய்யலாமா, கூடாதா?’ என்று கேட்டால், இஸ்லாமியச் சட்டத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு பதில்கள் மட்டும் இல்லை. மனிதரின் செயல்களை அது ஐந்து தட்டுகளில் வைக்கிறது: பர்ளு, சுன்னத், முபாஹ், மக்ரூஹ், ஹராம். ரமலான் மாதத்து நோன்பு நாள் ஒன்றைப் பார்த்தாலே இந்த ஐந்தும் விளங்கிவிடும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலான முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படியே இங்கு சொல்லப்படுகிறது.

விடிவதற்கு முன் வீடு எழுந்து சஹர் சாப்பிடுகிறது. இது சுன்னத். சாப்பிட்டால் நன்மை உண்டு. தூங்கிப்போய்த் தவறவிட்டால் பாவம் இல்லை, அன்றைய நோன்புக்கும் குறைவில்லை. ஆனால் சுபுஹுக்கு முன்பே ‘நாளை ரமலானின் பர்ளான நோன்பு நோற்கிறேன்’ என்று மனத்தில் நிய்யத் வைப்பது பர்ளு. செய்தால் நன்மை, வேண்டுமென்றே விட்டால் பாவம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வோர் இரவும் இதைத் தனித்தனியாக வைக்க வேண்டும். மறந்துவிட்டவர் அன்று மாலைவரை பட்டினி கிடந்தாலும் அது நோன்பாகக் கணக்கில் வராது. மறந்ததற்காகப் பாவம் இல்லையென்றாலும், ரமலான் முடிந்தபின் அந்த ஒரு நாளைக் கழாச் செய்ய வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட சஹரைவிட மனத்தில் ஓடும் ஒரு வரிக்குச் சட்டத்தில் எடை அதிகம்.

பகலில் மக்ரூஹ் வருகிறது. இதைத் தவிர்த்தால் நன்மை, செய்தால் பாவம் இல்லை. உளூச் செய்யும்போது வாய் கொப்பளிப்பது சுன்னத். நோன்பு நோற்றவர் தொண்டைவரை தண்ணீரை எட்டவிட்டு அளவுக்கு மீறிக் கொப்பளிப்பது மக்ரூஹ். காரணம் எளிது. சாதாரணமாகக் கொப்பளிக்கும்போது தன்னை மீறித் தண்ணீர் உள்ளே போனால் நோன்பு முறியாது. அளவு மீறிக் கொப்பளித்துப் போனால் முறிந்துவிடும். விபத்து நடக்கக்கூடிய இடத்துக்குச் சற்று முன்பே சட்டம் ஒரு வேலி போடுகிறது. தேவையில்லாமல் உணவை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்துக்காக மக்ரூஹ்தான். அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது சமைப்பவர் உப்புப் பார்த்துத் துப்பிவிட்டால் அதில் தேவை இருக்கிறது, மக்ரூஹ் இல்லை.

நேரம் மாறினாலும் சட்டம் மாறும். மிஸ்வாக்குக் குச்சியால் பல் துலக்குவது எப்போதும் சுன்னத். நோன்பாளிக்கோ, சூரியன் உச்சி சாய்ந்தபின் அது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. பசியால் எழும் வாய் வாடை அல்லாஹ்விடம் உயர்ந்தது என்று நபிமொழி இருப்பதால், அதைப் போக்க வேண்டாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் அதே மத்ஹபைச் சேர்ந்த 13ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் நவவி, மாலையிலும் துலக்குவதில் தவறில்லை என்ற கருத்தையே தேர்ந்தெடுத்தார். ஹனஃபி மத்ஹபிலும் தடை இல்லை.

பகலில் தக்க காரணமின்றி, தெரிந்தே ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அது ஹராம். செய்தால் பாவம், அல்லாஹ்வுக்காக விட்டால் நன்மை. நோன்பு முறிந்துவிடும், கழாவும் செய்ய வேண்டும். மறந்துபோய்க் குடித்தவருக்கோ பாவமும் இல்லை, நோன்பும் முறிவதில்லை. நினைவு வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடர வேண்டியதுதான்.

மஃரிப் பாங்கு சொன்னதும் தாமதிக்காமல் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறப்பது சுன்னத். அதற்குப் பின் நோன்புக் கஞ்சி குடிப்பதா, அதோடு வடையா சமோசாவா என்பதெல்லாம் முபாஹ். செய்தாலும் நன்மை இல்லை, விட்டாலும் பாவம் இல்லை. மனிதரின் அன்றாட வாழ்க்கையில் பெரும்பகுதி இந்தத் தட்டில்தான் இருக்கிறது. எனினும், இரவுத் தொழுகைக்குத் தெம்பு வேண்டும் என்ற எண்ணத்தோடு கஞ்சி குடித்தால், அந்த எண்ணத்துக்கு நன்மை உண்டு என்கிறார்கள் சட்ட அறிஞர்கள்.

ஹனஃபிகள் இந்த ஐந்தோடு நிற்பதில்லை. பர்ளுக்கு அடுத்த படியாக வாஜிபை வைக்கிறார்கள். மக்ரூஹையும் ஹராமுக்கு நெருங்கியது, லேசானது என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அதனால்தான் வித்ருத் தொழுகை ஒரு பள்ளிவாசலில் வாஜிப் என்றும் இன்னொன்றில் சுன்னத் என்றும் சொல்லப்படுகிறது.

செயல் ஒன்றேயானாலும் நாளைப் பொறுத்து அது தட்டு மாறும். ரமலானின் கடைசி நாளில் நோன்பு பர்ளு. மறுநாள் ஷவ்வால் பிறை 1, பெருநாள். அன்று நோன்பு நோற்பது ஹராம். அதற்கும் மறுநாளிலிருந்து ஷவ்வாலின் ஆறு நோன்புகளைத் தொடங்கலாம், அவை சுன்னத்.